வெள்ளைப் புள்ளியும் வளையமும்: மூளை சிடியில் புழுக்கட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: "மாவட்டத் தலைநகர் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். வலிப்போடு வருபவர்களுக்கு எடுக்கும் மூளை சிடியில் சில நேரம் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, சில நேரம் வளையம் தெரிகிறது. ஒரு சீனியர் என்.சி.சி., அதாவது நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்ற மூளைப் புழுக்கட்டி என்கிறார், இன்னொருவர் டிபி என்கிறார். ராத்திரி டியூட்டியில் ரேடியாலஜிஸ்ட் கிடையாது. ஸ்லைஸைப் பார்த்து நானே எப்படிப் பிரித்துச் சொல்வது?"

நீங்கள் பார்க்கும் புள்ளியும் வளையமும் பெரும்பாலும் இரண்டு வேறு நோய்கள் அல்ல, ஒரே புழுவின் இரண்டு வயதுகள். இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நான் ரேடியாலஜிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டில் தலை சிடி படித்துக்கொண்டிருக்கிறேன். வலிப்பு வந்த இளைஞர்களின் படங்களே அதில் கணிசம். எனக்குக் கை கொடுத்த வழியைச் சொல்கிறேன். எது நிச்சயம், எது ஊகம் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நோயில் தவறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கிறது.

பன்றி நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் மூளைக்குள் வந்து தங்கும்போது முதலில் அது ஒரு சின்ன நீர்க்குமிழி. உள்ளே தெளிந்த நீர், ஒரு ஓரத்தில் புழுவின் தலை. இந்தத் தலையைத்தான் ஸ்கோலெக்ஸ் என்கிறோம். ஜவ்வரிசி அரைவேக்காட்டில் இருக்கும்போது சுற்றிலும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே மட்டும் வேகாத வெள்ளைப் புள்ளி ஒன்று நிற்கும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான் இதுவும். ஒரே வித்தியாசம், இங்கே புள்ளி நடுவில் நிற்காமல் சுவரை ஒட்டி நிற்கும். உயிரோடு இருக்கும்வரை புழு உடம்பின் எதிர்ப்பு சக்தியை ஏமாற்றிக்கொண்டு இருக்கிறது. அதனால் சுற்றிலும் வீக்கம் இல்லை, நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து போட்டாலும் சுவர் பெரும்பாலும் ஒளிராது. சிடியில் கறுப்பாக ஒரு வட்டமான ஓட்டை, அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. வருடக்கணக்கில் இப்படியே சத்தமில்லாமல் இருக்கும்.

புழு சாகத் தொடங்கும்போது கதை மாறுகிறது. உள்ளே இருக்கும் நீர் கலங்கிக் கெட்டியாகிறது, சுவர் தடிக்கிறது, உடம்பு அதைக் கண்டுபிடித்துத் தாக்குகிறது. மூளையில் சுற்றுவட்டாரம் வீங்குகிறது. வலிப்போடு நோயாளி நம்மிடம் வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கான்ட்ராஸ்ட் போட்டால் சுவர் வளையமாக ஒளிரும். அப்புறம் வளையம் சுருங்கி ஒரு சின்னக் குமிழாகிறது, வீக்கம் வடிகிறது. கடைசியில் ஒன்றுமே இல்லாமல் மறையலாம், அல்லது சுண்ணாம்பு படிந்து கல் மாதிரி ஒரு புள்ளியாக நிரந்தரமாகத் தங்கலாம். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புள்ளி இதுதான், செத்த புழுவின் மிச்சம்.

முதலில் புள்ளியை எடுத்துக்கொள்வோம். ராத்திரியில் உங்களுக்கு வரும் பயம், இது ரத்தக்கசிவாக இருக்குமோ என்பது. நியாயமான பயம்தான். கன்சோலில் புள்ளியின் மேல் வட்டம் போட்டு, அடர்த்தியைக் காட்டும் HU எண்ணைப் பார்ப்பீர்கள். புது ரத்தம் பொதுவாக 50 முதல் 90 வரை காட்டும், 100ஐத் தாண்டுவது அரிது. சுண்ணாம்பு 100க்கு மேல், பல நேரம் சில நூறுகளில் நிற்கும். விதி இவ்வளவு எளிது. ஆனால் சின்னப் புள்ளியில் இந்த விதி ஏமாற்றும், ஏன் என்று கணக்காகவே பாருங்கள். 1 மி.மீ. கனமுள்ள ஒரு கால்சிபிகேஷன், உண்மையான அளவு 300 HU என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்ப்பது 5 மி.மீ. ஸ்லைஸ். மீதி 4 மி.மீ.யில் இருப்பது சாதாரண மூளை, சுமார் 35 HU. மெஷின் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடும்: 300ம், நான்கு முறை 35ம் சேர்ந்து 440, அதை 5ஆல் வகுத்தால் 88. பழைய சுண்ணாம்பு இப்போது ரத்தத்தின் எண்ணைக் காட்டுகிறது! புள்ளியைவிடப் பெரிதாக வட்டம் போட்டாலும் இதே தவறுதான் நடக்கும்.

அதனால் டெக்னீஷியனிடம் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான மெல்லிய ஸ்லைஸ்களாகத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். இதற்கு நோயாளியை மறுபடி படுக்கவைக்க வேண்டாம், ஏற்கெனவே எடுத்ததிலிருந்தே முடியும். ஆனால் மூலத் தரவு மெஷினில் ரொம்ப நேரம் இருக்காது, ஆகவே அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. அதில் புள்ளிக்குள்ளேயே அடங்குகிற மாதிரி குட்டி வட்டம் போட்டு, சராசரியை விட்டுவிட்டு அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். அடுத்து அதே இடத்தை எலும்பைப் பார்க்கும் போன் விண்டோவில் பாருங்கள். ரத்தம் அங்கே மூளையோடு கலந்து காணாமல் போய்விடும், நல்ல சுண்ணாம்பு வெள்ளையாக நின்றுகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தும் தீராத புள்ளி ஒன்றிரண்டு வரும். அப்போது சில நாள் கழித்து ஒரு படம் எடுத்தால் போதும். ரத்தம் மங்கும், சுண்ணாம்பு மாறாது.

சுண்ணாம்பு என்று தெரிந்ததும் அது புழுவின் சுண்ணாம்புதானா என்ற கேள்வி வரும். இதற்கு இடம்தான் பெரிய துப்பு. நடுக்கோட்டில் பீனியல் சுரப்பி, பக்கவாட்டு வென்ட்ரிக்கிள்களின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் கோராய்டு பிளெக்ஸஸ், வயதானவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குளோபஸ் பாலிடஸ், பிறகு ஃபால்க்ஸ். இவையெல்லாம் வயதோடு தானாக வரும் சுண்ணாம்பு, நோய் அல்ல. புழுவின் சுண்ணாம்பு பெரும்பாலும் மூளையின் மேலோட்டில், சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் இடத்தில் இருக்கும். ரத்தம் அங்கேதான் நுண்ணிய குழாய்களுக்குள் நுழைந்து நிற்கிறது, புழுவும் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. உருண்டையாக, ஓரம் தெளிவாக, 10 மி.மீ.க்குள், பல நேரம் 3, 4 மி.மீ. அளவில் இருக்கும். சுற்றிலும் பொதுவாக வீக்கத்தின் கறுப்பு கிடையாது. இடது வலது சமச்சீர் கிடையாது.

கண் பழகும்வரை ஒரு ஏமாற்று அடிக்கடி வரும். மண்டையோட்டின் அடிப்பாகத்தில், காதெலும்பின் மேட்டை ஒட்டியும் கண்குழியின் கூரையை ஒட்டியும், எலும்பின் நுனி ஸ்லைஸுக்குள் பாதி நுழைந்து மூளைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி போலத் தெரியும். மேலும் கீழும் இரண்டு ஸ்லைஸ் தள்ளிப் பாருங்கள். எலும்பாக இருந்தால் எலும்போடு போய்ச் சேர்ந்துவிடும். நீங்கள் ஒரு ஸ்லைஸைப் பார்த்துச் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு ஸ்லைஸை வைத்து நான்கூடச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிக் கேட்பவர்களிடம் முழு ஸ்கேனையும் ஸ்க்ரோல் செய்த வீடியோவாக அனுப்பச் சொல்வது இதனால்தான்.

இன்னும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூளையைப் பார்த்து முடித்ததும் அதே படத்தில் கன்னப்பொட்டுத் தசை, மெல்லும் தசைகள், கண்ணைச் சுற்றியுள்ள தசைகள், கழுத்து தெரிந்தால் கழுத்துத் தசைகள் எல்லாவற்றையும் போன் விண்டோவில் ஒரு சுற்று பாருங்கள். தசைக்குள் செத்த புழு, தசைநார் ஓடும் திசையில் நீண்டு, அரிசி மணி மாதிரி சுண்ணாம்பாகத் தெரியும். மூளையில் உருண்டை, தசையில் அரிசி. மூளையில் சந்தேகமாக இருக்கும் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் தசையில் இப்படி இரண்டு அரிசி மணி கிடைத்தால் சந்தேகத்தில் பெரும்பகுதி போய்விடும். எல்லோருக்கும் இது கிடைக்காது, நம் ஊர் நோயாளிகளில் பலருக்கு மூளையில் ஒரே ஒரு கட்டிதான் இருக்கும். ஆனால் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும்.

இனி வளையம். ஒரு கேஸைச் சொல்லி விளக்குகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவன். காலையில் பல் துலக்கும்போது வலது கை தானாக வெட்டி இழுத்தது, பிரஷ் கீழே விழுந்தது, அப்புறம் மொத்த உடம்பும் வலிப்பு. அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். தலைவலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, கை கால் பலவீனம் கிடையாது. கான்ட்ராஸ்ட் போடாத பிளெயின் சிடியில் இடது பரைட்டல் பகுதியில், உச்சிக்குக் கிட்டே, கைவிரல்கள் போல வெள்ளைப் பகுதிக்குள் நீளும் கறுப்பு. அது வீக்கம். பார்த்தவுடன் பயமுறுத்தும். இத்தனை கறுப்புக்கு நடுவில் கட்டி எங்கே என்று தேடினால் மூளையின் நிறத்திலேயே மங்கலாக ஒரு சின்ன வட்டம், அதற்குள் மிளகில் கால்வாசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. கான்ட்ராஸ்ட் போட்டுச் சில நிமிடம் கழித்து எடுத்தபோது 12 மி.மீ. வளையம், ஓரம் வழுவழுப்பாக, முழு வட்டமாக ஒளிர்ந்தது. புள்ளி வளையத்தின் உள்சுவரை ஒட்டிக்கொண்டிருந்தது. நடுக்கோடு நகரவில்லை.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் உதவியது வளையம் அல்ல. வலது ஃப்ரன்டல் பகுதியில், முதலில் படித்தவர் கவனிக்காத 3 மி.மீ. கால்சிபிகேஷன் ஒன்று இருந்தது. மெல்லிய ஸ்லைஸில் 210 HU. அதாவது ஒரு பக்கம் இப்போது செத்துக்கொண்டிருக்கும் புழு, மறுபக்கம் என்றோ செத்துச் சுண்ணாம்பான புழு. ஒரே மூளையில் வெவ்வேறு வயதுள்ள கட்டிகள் இருப்பது இந்த நோயின் குணம். டிபியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி வரலாம், ஆனால் தலைப்புள்ளியோடு ஒரு சின்ன வளையமும் வீக்கமே இல்லாத தனிச் சுண்ணாம்பு உருண்டையும் சேர்ந்து வந்தால் நான் புழுவின் பக்கமே சாய்வேன்.

இந்த இடத்தில் பிளெயின் படம் எவ்வளவு அவசியம் என்று கவனியுங்கள். நேராக கான்ட்ராஸ்ட் படம் மட்டும் எடுத்திருந்தால் ஃப்ரன்டலில் இருந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பா, கான்ட்ராஸ்டை உறிஞ்சி ஒளிர்ந்த சின்னக் கட்டியா என்று சொல்லவே முடியாது. இரண்டும் வெள்ளைதான். முதலில் பிளெயின், பிறகுதான் கான்ட்ராஸ்ட், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நேரமில்லை என்று ஒன்றை விட்டுவிடச் சொன்னால் தயவுசெய்து பிளெயினை விட்டுவிடாதீர்கள்.

டிபியா புழுவா என்ற சண்டைக்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1980களில் வலிப்போடு வரும் இந்திய இளைஞர்களின் சிடியில் இப்படிச் சின்ன ஒற்றை வளையங்கள் நிறையத் தெரியத் தொடங்கின. டிபி அதிகமுள்ள நாடு என்பதால் டியூபர்குலோமா, அதாவது மூளையில் வரும் டிபி கட்டி என்று வைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய நரம்பு அறுவை மருத்துவர்களும் உடன் பணியாற்றியவர்களும் இப்படிப்பட்ட கட்டிகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இருந்தது புழுவும் அதன் மிச்சங்களும்தான். அந்த அனுபவத்திலிருந்து 1990களில் அவர்கள் வகுத்த அளவுகோல்கள் இன்றைக்கும் என் மேசையில் வேலை செய்கின்றன. படத்தில் பார்க்க வேண்டியது: கட்டி ஒன்றே ஒன்று, கான்ட்ராஸ்டில் ஒளிர்வது, 20 மி.மீ. அல்லது அதற்குள் இருப்பது, நடுக்கோட்டைத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லாதது. ஆளிடம் பார்க்க வேண்டியது: வலிப்பு இருக்கிறது, ஆனால் மூளை அழுத்தம் தொடர்ந்து கூடியிருப்பதன் அறிகுறிகள் இல்லை, நாளுக்கு நாள் கூடும் பலவீனம் இல்லை, உடம்பில் வேறெங்கும் டிபி போன்ற நோய் நடந்துகொண்டிருக்கவில்லை. இவை எல்லாம் பொருந்தினால் அது புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். 20 மி.மீ.க்கு மேல், ஓரம் கரடுமுரடாக, இரண்டு மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டு கொத்தாக, நடுக்கோட்டைத் தள்ளிக்கொண்டு இருந்தால் டியூபர்குலோமாவை நினையுங்கள். கூடவே மூளையின் அடிப்பகுதியில் சவ்வுகள் தடித்து ஒளிர்ந்தால் டிபியின் பக்கம் இன்னும் பலம் கூடும்.

இதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் வேறொரு மருத்துவமனையில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் படம் வந்தது. 14 மி.மீ. வளையம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. வளையத்துக்கு நடுவில் புள்ளி இருந்தால் டியூபர்குலோமா என்று அப்போது எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதையே ரிப்போர்ட்டில் எழுதினேன். டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் எடுத்த படத்தில் வளையம் போயே போய்விட்டது. மருந்து வேலை செய்தது, ஆகவே டிபிதான் என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம். அதற்கு அடுத்த மாதம் அந்தப் பெண் மாத்திரையால் மஞ்சள் காமாலை வந்து அட்மிட் ஆனார். பழைய ஃபிலிம்களை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டி மறுபடி பார்த்தேன். புள்ளி நடுவில் இல்லை, சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு ஸ்லைஸ் மேலே மறுபக்கத்தில் ஒரு குட்டிச் சுண்ணாம்பும் இருந்தது. இரண்டையும் நான் பார்க்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தேவையில்லாத மாத்திரையை அவருக்குக் கொடுக்க வைத்தது என் ஒரு வரி.

இதிலிருந்து படத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. வளையத்துக்குள் புள்ளி இருந்தால் டிபி என்பது நம்பத்தகுந்த அடையாளம் அல்ல. புழுவின் தலையும் அதே மாதிரிதான் தெரியும். இரண்டாவது, மருந்து கொடுத்தபோது மறைந்தது என்பதால் மருந்தால் மறைந்தது என்றாகாது. ஒற்றைப் புழுக்கட்டிகள் பல எதுவும் கொடுக்காமலேயே சில மாதங்களில் தானாக மறைபவை. டியூபர்குலோமா அப்படி மூன்று மாதத்தில் முழுதாகக் கரைவது வழக்கம் இல்லை. அவ்வளவு சீக்கிரம் மறைந்தால் அது டிபி இல்லை என்றே சந்தேகப்பட வேண்டும்.

சரி, இவற்றில் எதை உறுதியாகச் சொல்லலாம்? நீர்க்குமிழிக்குள் புழுவின் தலை தெளிவாகத் தெரிந்தால் அது உறுதி. 2017இல் டெல் ப்ரூட்டோவும் மற்றவர்களும் திருத்தி வெளியிட்ட அளவுகோலிலும் படத்தில் தலை தெரிவது தனியாகவே நோயை உறுதிசெய்கிறது. தலை தெரியாத வளையம், தலை தெரியாத குமிழி, தனிச் சுண்ணாம்பு இவையெல்லாம் வலுவான துப்புகள், ஆனால் துப்புகள்தான். ஊர், வயது, நோயாளியின் கதை, பிறகு எடுக்கும் படம் இவற்றோடு சேர்த்தே முடிவு சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையை நம்பி இதைத் தீர்க்க முடியாது. கட்டி ஒன்றே ஒன்று என்றாலோ சுண்ணாம்பு மட்டும் இருந்தாலோ ஆன்டிபாடி பரிசோதனை பல நேரம் நெகட்டிவ் என்றே வரும், அதனால் நோய் இல்லை என்றாகாது.

மேலே சொன்ன அளவுகோல்கள் யாருக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முதல் முறையாக வலிப்பு, படத்தில் ஒற்றை வளையம் என்றால் புழு என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிய புற்றுநோயின் பரவலாக இருக்கலாம், மூளையிலேயே முளைத்த கட்டியாகவும் இருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு டாக்ஸோபிளாஸ்மா அதே வளையத்தைக் காட்டும். காய்ச்சல், காதில் சீழ், இதயத்தில் பிறவிக் குறைபாடு இருந்தால் சீழ்க்கட்டியை முதலில் நினைக்க வேண்டும். இங்கெல்லாம் எம்.ஆர்.ஐ. தேவை. சீழ்க்கட்டியின் உட்பகுதி டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று ஒளிரும், சிடியில் தெரியாத புழுத்தலை சில நேரம் எம்.ஆர்.ஐ.யில் அழகாகத் தெரியும். ஆனால் சின்னச் சுண்ணாம்பைப் பிடிப்பதில் சிடிதான் மேல். எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, இனி சிடி எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காரணமே போதும்.

சிடி கோட்டைவிடும் இடமும் உண்டு. வென்ட்ரிக்கிளுக்குள் மிதக்கும் புழுக்குமிழியின் நீரும் அதைச் சுற்றியுள்ள மூளைத் தண்டுவட நீரும் சிடியில் ஒரே கறுப்பு. குமிழி கண்ணுக்கே தெரியாது. நான்காவது வென்ட்ரிக்கிள் மட்டும் காரணமில்லாமல் உப்பியிருப்பதும், மேலே மற்ற வென்ட்ரிக்கிள்கள் விரிந்திருப்பதும்தான் தெரியும். தலைவலி, வாந்தியோடு வந்தவரின் படத்தில் இதைப் பார்த்தால், வேறெங்கும் புள்ளி வளையம் எதுவும் இல்லாவிட்டாலும், விடியும்வரை காத்திருக்காமல் நரம்பு அறுவை மருத்துவரை அந்த ராத்திரியே கூப்பிடுங்கள்.

மாணவனின் கதைக்குத் திரும்புகிறேன். புழு என்றதும் அவன் அம்மாவுக்கு அதிர்ச்சி. "நாங்க சுத்த சைவம் டாக்டர், எங்க வீட்ல முட்டைகூட வராது" என்றார். இதை நீங்களும் அடிக்கடி கேட்பீர்கள், சில மருத்துவர்களே இதைக் கேட்டுவிட்டு நோயை மாற்றி எழுதுகிறார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் புழு வருவது அந்த நாடாப்புழுவின் முட்டையால். குடலில் நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து முட்டை கையில், தண்ணீரில், பச்சைக் காய்கறியில் ஒட்டி இன்னொருவரின் வாய்க்குப் போகிறது. சாப்பிடுபவர் சைவமா அசைவமா என்பது அந்த முட்டைக்குத் தெரியாது. ஆகவே உணவுப் பழக்கத்தை வைத்துப் படத்தின் முடிவை மாற்றாதீர்கள். அதைவிட, வீட்டிலோ ஹாஸ்டல் சமையலிலோ யாருக்காவது நாடாப்புழு இருக்கிறதா என்று விசாரிப்பது பயனுள்ளது.

அவனுக்கு நரம்பியல் மருத்துவர் வலிப்பு மாத்திரையும், கண் பரிசோதனை முடித்த பிறகு ஸ்டீராய்டோடு அல்பெண்டசோலும் கொடுத்தார். மருந்து விஷயம் என் துறை இல்லை, அதை அவர்களிடமே விடுகிறேன். ஆனால் படத்தில் தெரிவதைப் பொறுத்து முடிவு மாறும் ஒரு இடத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்து எடுத்த சிடியில் வளையம் போய், வீக்கம் போய், அதே இடத்தில் 4 மி.மீ. சுண்ணாம்பு மட்டும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, மாத்திரையை நிறுத்திய பிறகு, மறுபடி வலது கையில் வலிப்பு. வேறொரு ஊரில் எடுத்த படத்தில் அந்தச் சுண்ணாம்பைச் சுற்றி மீண்டும் கறுப்பு வீக்கம், கான்ட்ராஸ்டில் ஓரம் லேசாக ஒளிர்ந்தது. புழு திரும்ப வந்துவிட்டது என்று அல்பெண்டசோல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது புதுப் புழு அல்ல. சுண்ணாம்பான பழைய கட்டியைச் சுற்றி, வலிப்பு வரும் நேரத்தில், இப்படி வீக்கம் வந்து போவது நன்றாகத் தெரிந்த விஷயம். செத்த புழுவை மருந்தால் மறுபடி கொல்ல முடியாது, தேவைப்பட்டது வலிப்பு மாத்திரை மட்டும். பழைய பிளெயின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், நடுவில் இருந்த அதே சுண்ணாம்பு அதே இடத்தில் இருப்பது உடனே தெரிந்திருக்கும். எனவே வலிப்போடு வரும் யாரிடமும் முதலில் பழைய சிடி கேளுங்கள், வீட்டில் இருந்தால் யாரையாவது அனுப்பி எடுத்துவரச் சொல்லுங்கள்.

ராத்திரி டியூட்டியில் நீங்கள் கேஸ் ஷீட்டில் என்ன எழுதலாம் என்பதற்கு, அந்த மாணவனின் முதல் படத்துக்கு நான் எழுதியதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இடது பரைட்டல் மேலோட்டில் 12 மி.மீ. ஒற்றை வளையம், சுவரை ஒட்டி உள்ளே புள்ளி, அது புழுத்தலையாக இருக்கலாம். சுற்றிலும் வீக்கம், நடுக்கோடு நகரவில்லை. வலது ஃப்ரன்டலில் 3 மி.மீ. சுண்ணாம்பு, வீக்கம் இல்லை. வென்ட்ரிக்கிள்கள் சாதாரண அளவு. வெவ்வேறு கட்டங்களில் உள்ள நியூரோசிஸ்டிசர்கோசிஸ் என்பதற்கே வாய்ப்பு அதிகம். டியூபர்குலோமாவை முழுதாக விலக்க முடியாது. மூன்று முதல் ஆறு மாதத்தில் பிளெயின், கான்ட்ராஸ்ட் இரண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்கு முன் பலவீனமோ கடுமையான தலைவலியோ வந்தால் உடனே எம்.ஆர்.ஐ."